வாட்ச்சில் ஏறி இறங்கும் பல்ஸ்: ஞாயிறு காலை ஐந்து நிமிடம்

"ஏற்காடு போய் வந்ததிலிருந்து வாட்ச்சில் பல்ஸ் ஏறி ஏறி இறங்குது. தினமும் பார்த்துப் பயந்துட்டே இருக்கேன். எப்போ டாக்டர்கிட்ட போகணும்?"

சார், தினமும் பார்க்கிறதை முதல்ல நிறுத்துங்க. ஞாயிறு காலை, காபிக்கு முன்னாடி ஒரு தடவை போதும். ஏழு நாளோட ஓய்வுத் துடிப்பையும் சின்னதிலிருந்து பெரிசா எழுதி, நடுவில் இருக்கிற எண்ணை எடுங்க. சராசரி வேண்டாம், ரெண்டு காய்ச்சல் நாள் அதை இழுத்துடும்.

என்னோட ஒரு வாரம்: 70, 71, 71, 73, 78, 79, 81. நடு எண் 73. முந்தைய நாலு வாரமும் 70 பக்கம்தான். மூணுதான் கூடியிருக்கு, விட்டுட்டேன். பெரிய எண் வந்த மூணு நாளும் ஏற்காட்டு நாகலூர்ப் பக்கம் மேடேறிட்டு, சளியால தூங்காம கிடந்தேன்.

முந்தைய நாலு வாரத்தோட நடு எண்ணைவிட ஐந்துக்கு மேல கூடி, அடுத்த ஞாயிறும் இறங்கலைன்னா டாக்டரைப் பாருங்க. இது என் கைக்கணக்கு. வார் தளர்ந்தா வாட்ச் தப்பாக் காட்டும். அதனால கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் ரெண்டு விரல் வெச்சு 60 விநாடி எண்ணிச் சரிபாருங்க. அப்போ தாளம் தப்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 100-க்கு மேல் நின்னாலோ ஞாயிறு வரை காத்திருக்காதீங்க. கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தா உடனே 108.