சாப்பாட்டு மேசையில் தலைவாழை இலை: துண்டை எங்கே வைப்பது?

கேள்வி: மகளுக்கு இது தலைத் தீபாவளி. மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார், எங்கள் வீட்டு ஐயா, ஆச்சி எல்லாரையும் சேர்த்து, நாங்கள் இரண்டு பேருமாக மொத்தம் எட்டுப் பேர். கீழே உட்கார முடியாதவர்கள் இருப்பதால் ஆறடிக்கு மூன்றடி சாப்பாட்டு மேசையில்தான் விருந்து. இலையும் போட வேண்டும், துணி நாப்கினும் அழகாக மடித்து வைக்க வேண்டும் என்று மகள் சொல்கிறாள். வீட்டில் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று இருக்கிறது, மேசைக்கு விரிக்கலாமா? நாப்கினை இலைமேல் வைப்பதா, பக்கத்திலா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் இடக் கணக்கு. தட்டு என்றால் இந்த மேசையில் எட்டுப் பேரை நெருக்கி உட்கார வைத்துவிடலாம். இலை நடக்காது. மேசையின் இரண்டு தலைமாட்டிலும் ஆள் உட்கார்ந்தால், ஒவ்வொரு இலையும் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி 12 அங்குல அகலத்துக்குக் கிடக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 26 அங்குலம் போனது. 72-ல் மிச்சம் 46 அங்குலம். நீளவாக்கில் பக்கத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 23 அங்குலம் வரும். மூன்றாவது ஆளை நுழைத்தால் பக்கத்திலிருப்பவர் முழங்கை இவர் சாம்பாரில் இருக்கும். ஆகவே ஆறு பேர் முதல் பந்தி. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பரிமாறுங்கள். சம்பந்தி வந்திருக்கும்போது பரிமாற ஆள் இல்லாமல் எல்லாரும் ஒன்றாக உட்காருவது நம் பக்கத்தில் நன்றாகவும் இருக்காது.

கண்டாங்கியை தாராளமாக விரிக்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய துணி அது. இந்த ஊர் விருந்துக்கு அதைவிடப் பொருத்தமாக எதை விரிப்பது? சேலையின் அகலம் ஏறக்குறைய 47 அங்குலம் இருக்கும். மூன்றடி மேசையில் பக்கத்துக்கு ஐந்து அங்குலம் தொங்கும், மடியில் இடிக்காது. நீளம் மிஞ்சினால் வெட்டாமல் அடியில் மடித்துவிடுங்கள். ஈரத்துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேறு துணிதான், ஏனென்றால் கழுவிய இலையின் ஈரம் முழுக்க அதன்மேல்தான் இறங்கும். அடியில் ஒரு பழைய போர்வையை ஒற்றையாக விரித்துக்கொண்டால் மெருகேறிய பலகையில் இலை வழுக்காது.

இலைக்கு வருவோம். நுனி இலையை 18 அங்குல நீளத்துக்கு நறுக்கச் சொல்லுங்கள். நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம், அகன்ற பக்கம் வலது கைப் பக்கம். சோறு விழுவதும் கை புழங்குவதும் வலப்பக்கம்தான் என்பதால் அங்கேதான் அகலம் வேண்டும். தரையில் தெரியாத ஒரு தொந்தரவு மேசையில் தெரியும்: நடுநரம்பு அடியில் புடைத்திருப்பதால் இலை இப்படியும் அப்படியும் ஆடும். இலையைக் கவிழ்த்து, அந்தப் புடைப்பை மட்டும் கத்தியால் மெல்லச் சீவிவிடுங்கள். ஆழமாகச் சீவினால் இலை கிழிந்து ரசம் நேராக மடிக்கு வரும். ஒன்றைச் சீவியதும் விரித்து வைத்து, நடுவில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பாருங்கள். அங்கேயே நின்றால் சரி.

நாப்கின் இலைமேல் கூடாது. அந்த வழக்கம் உலர்ந்த பீங்கான் தட்டுக்கு உரியது. நாம் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துப் போடுகிறோம். கஞ்சி போட்ட துணி அந்த ஈரத்தில் ஐந்து நிமிடத்தில் துவண்டு, மடிப்பெல்லாம் வாயைப் பிளந்துவிடும். இடப்பக்கம், நுனி குறுகுகிற இடத்தில் வையுங்கள். தண்ணீர் டம்ளரும் இடப்பக்கமே, நுனிக்கு மேலே. வலது கை குழம்பாக இருக்கும்போது டம்ளரை எடுப்பது இடது கைதான். மேசையில் எதிரே நின்று பரிமாற முடியாது, பின்னாலிருந்து வர வேண்டும். அப்போது இடது தோள் பக்கமாக வாருங்கள். வலப்பக்கம் வந்தால் சாப்பிடுகிற கையில் இடிப்பீர்கள்.

ஆளுக்கு வரும் 23 அங்குலத்தில் இலைக்கு 18 போக, நாப்கினுக்கு ஐந்து அங்குலம்தான் இடம் இருக்கிறது. அதனால் நிற்கிற மடிப்புகளை, விசிறி, தாமரை, கிரீடம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். பார்க்க ஜோராக இருக்கும், பரிமாறுகிற கை பட்டுச் சாய்ந்து இலைக்குள் விழும். படுத்துக் கிடக்கும் பை மடிப்புதான் இங்கே சரி.

20 அங்குலச் சதுர நாப்கின், வெள்ளைப் பருத்தி. அதை நான்காக மடித்தால் 10 அங்குலச் சதுரம் கிடைக்கும். நான்கு தனி முனைகளும் சேர்ந்திருக்கும் மூலை வலது மேல் பக்கம் இருக்கட்டும். மேல் அடுக்கின் முனையை எடுத்து, ஓர் அங்குலப் பட்டையாகக் கோணத்தின் குறுக்கு வரை மடித்து மடித்துக் கொண்டுவாருங்கள். இரண்டாவது அடுக்கின் முனையை மடித்து முதல் பட்டைக்கு அடியில் செருகுங்கள், ஓர் அங்குலம் வெளியே தெரிய வேண்டும். மூன்றாவதும் அப்படியே. நான்காவதைத் தொட வேண்டாம். இப்போது துணியைத் தட்டையாகப் பிடித்துக் கவிழ்த்து, இரு பக்கங்களையும் மூன்றில் ஒரு பங்கு உள்ளே மடித்துத் திருப்பினால், மூன்று சாய்ந்த பட்டைகளோடு 10 அங்குல உயரப் பை. கவுனி அரிசிக்குத் தேவையான சின்னக் கரண்டியை அதில் செருகிவிடலாம். தனியாகக் கரண்டிக்கு இடம் தேட வேண்டாம்.

பட்டைகள் கோணிக்கொண்டே போனால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் துணிதான் சதுரமாக இருக்காது. மூலைக்கு மூலை மடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புதுத்துணி என்றால் ஒரு தடவை துவைத்துச் சுருங்கவிட்ட பிறகே வெட்டி ஓரம் தையுங்கள்.

கஞ்சியில்தான் பலரும் அளவு மீறுகிறார்கள். வடிகஞ்சி ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர் தண்ணீர் கலந்து, துணியில் வடிகட்டி முக்கிப் பிழிந்தால் போதும். அரை ஈரத்திலேயே இஸ்திரி போட்டு, முழுக்கக் காயும் வரை தேயுங்கள். உள்ளே ஈரம் நின்றால் மடிப்பு ராத்திரிக்குள் தளர்ந்துவிடும். மடித்த ஒன்றை நுனியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பை விரியாமல் நின்றால் கஞ்சி சரி. அட்டை போல விறைத்தால் அதிகம். அது உதட்டையும் துடைக்காது, ஈரத்தையும் உறிஞ்சாது. நம் விருந்தில் இந்தத் துணிக்கு வேலையே உதட்டை ஒற்றுவதும், கை கழுவி வந்தபின் துடைப்பதும்தான். குழம்புக் கையைத் துடைக்க யாரும் எடுக்கப் போவதில்லை, மாப்பிள்ளையின் தம்பிமார் யாராவது சின்னப் பையன் இருந்தால் தவிர.

அப்படி மஞ்சள் கறை பட்டுவிட்டால், சோப்புப் போட்டதும் அது சிவப்பாக மாறும். பதறி பிளீச்சைத் தேட வேண்டாம். சோப்பின் காரத்தில் மஞ்சளுக்கு வரும் நிறம் அது. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். ஈரத்தோடு நேர் வெயிலில் காயப் போடுங்கள். ஒரே வெயிலில் போகாவிட்டால் நனைத்து மறுபடி போடுங்கள். கறை போகும் வரை இஸ்திரியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.