விசை ஒலியும் அட்டை எண்ணும்

“அழைப்பு மைய முகவரோடு பேசிக்கொண்டே பணம் செலுத்தும்போது, அட்டை எண்ணைத் தொலைபேசி விசைகளில் அழுத்தச் சொன்னார்கள். அந்த ஒலியை வைத்தே முகவர் எண்ணைக் கண்டுபிடித்துவிட மாட்டாரா?”

விசை ஒலியை முகவரிடமிருந்து மறைக்கும் கருவி சரியாக இயங்கும் வரை முடியாது. ஒவ்வொரு விசையும் இரண்டு அதிர்வெண்களை ஒருசேர எழுப்புகிறது. 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ். அழைப்பு முகவரை அடையுமுன் அக்கருவி இந்த இணையை இனங்கண்டு, இலக்கத்தைக் கட்டணச் சேவைக்கு அனுப்பிவிட்டு, முகவரின் காதுக்கு எல்லா விசைக்கும் ஒரே ‘பீப்’ ஒலியையும் திரைக்கு நட்சத்திரக் குறிகளையும் மட்டுமே தருகிறது. இனங்காணச் சில பத்து மில்லிநொடிகள் பிடிப்பதால், ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்பாத அமைப்புகளில் தொனியின் தொடக்கத் துணுக்கு முகவருக்கும் அழைப்புப் பதிவுக்கும் கசியக்கூடும். இதுவே உண்மையான பலவீனம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அழுத்தும்போது இலக்கங்களை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். முகவர் இணைப்பிலேயே இருந்து உங்களோடு பேச வேண்டியிருப்பதால், குரலை அக்கருவி மறைப்பதில்லை.