பதிவேட்டில் பெயர் இருந்தால் போதுமா?

கேள்வி: நான் தனியாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிரிட்டனில் இருக்கும் ஒரு நிறுவனம் என்று சொல்லி மின்னஞ்சல் வந்தது. 60 பக்கம், 10 நாளில் வேண்டுமாம், முடித்துக் கொடுத்ததும் பணமாம். அரசுப் பதிவேட்டில் தேடினேன். எட்டு வருடமாக இருக்கிற நிறுவனம்தான், இயக்குநர் பெயரும் பொருந்துகிறது. தொடங்கலாமா?

பதில்: இன்னும் தொடங்காதீர்கள். அப்படி ஒரு நிறுவனம் உண்டு என்பதுதான் இதுவரை உறுதியாகியிருக்கிறது. உங்களுக்கு எழுதியவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்தானா என்பது இன்னும் தெரியவில்லை. பிரிட்டனின் பதிவேடான கம்பெனிஸ் ஹவுஸை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். பதிவு எண், முகவரி, இயக்குநர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் பார்த்த அதே பக்கத்தைப் பார்த்து ஏமாற்றுபவரும் மின்னஞ்சலின் அடியில் போடும் கையொப்பத்தைத் தயாரித்துக்கொள்ள முடியும்.

எனக்குத் தெரிந்த ஒரு வடிவமைப்பாளருக்கு இதே மாதிரி ஒரு கடிதம் வந்தது. நிறுவனம் உண்மை, இயக்குநர் பெயரும் உண்மை. மின்னஞ்சல் முகவரியில் மட்டும் நிறுவனப் பெயருக்குப் பின்னால் -group என்று ஒட்டியிருந்தது. அந்த முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருந்த பகுதியை, இணைய முகவரி எப்போது பதிவானது என்று காட்டும் lookup.icann.org தளத்தில் இட்டுப் பார்த்தார். Created என்ற இடத்தில் 19 நாளுக்கு முந்தைய தேதி இருந்தது. பல வருடமாகத் தொழில் நடத்தும் நிறுவனத்துக்கு 19 நாள் வயதுள்ள முகவரி எதற்கு? உண்மையான இணையதளத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினார். அப்படி ஒரு வேலையை நாங்கள் யாருக்கும் தரவில்லை என்றார்கள். நீங்களும் இந்த இரண்டையும் செய்யுங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் மின்னஞ்சலிலிருந்து எடுக்காதீர்கள். அந்த எண்ணுக்குப் பேசினால் எடுப்பவர் ஏமாற்றுபவராகவே இருக்கலாம். முகவரி பழையதாக இருந்தாலும் பேசிவிடுவது நல்லது, ஏனென்றால் பழைய முகவரியை விலைக்கு வாங்குகிறவர்களும் உண்டு.

ஆள் உண்மை என்று தெரிந்த பிறகு மறுபடி பதிவேட்டுக்கு வாருங்கள். Filing history என்ற பகுதியைத் திறங்கள். அங்கே வருடா வருடம் Accounts for a dormant company என்று இருந்தால், அந்த நிறுவனம் தொழில் எதுவும் நடத்தவில்லை என்று தானே அரசுக்குச் சொல்லியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட நிறுவனத்திடம் 60 பக்க அவசர வேலை எப்படி வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கணக்கு தாக்கல் செய்யும் தேதி தாண்டியிருந்தால் overdue என்று காட்டும். Active proposal to strike off என்று இருந்தால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடங்கிவிட்டது. அந்த நிலையில் கடனுக்கு வேலை செய்யவே கூடாது.

அடுத்தது, பணம் கொடுக்கிற பழக்கம். பிரிட்டனில் பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு வேலை செய்தவர்களுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகின்றன என்பதை வருடத்துக்கு இரண்டு முறை வெளியிட வேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. அரசுத் தளத்தில் அதைப் பார்க்கலாம். உங்களுக்கு எழுதியிருப்பது சிறிய நிறுவனம் என்றால் அதில் இருக்காது. அவர்களுக்கு முன்பு வேலை செய்தவர்களை நீங்களே தேடுங்கள். நிறுவனம் வெளியிட்டவற்றில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கலாம், அல்லது யாராவது தங்கள் பணிப் பட்டியலில் இந்த நிறுவனத்தைக் குறிப்பிட்டிருப்பார்கள். "சொன்ன தேதிக்குப் பணம் வந்ததா?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். நிறுவனமே கைகாட்டும் ஆளிடம் கேட்பதில் அவ்வளவு பயன் இல்லை. விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரக் கணக்கை விட்டுவிட்டு, குறைசொல்லும் பதிவுகளை மட்டும் தேதி வரிசையில் படியுங்கள். கடைசி ஆறு மாதத்தில் இரண்டு மூன்று பேர் "பணம் தாமதம்" என்று சொல்லியிருந்தால், அதற்கு முந்தைய ஐந்து வருடப் பாராட்டை விட எனக்கு அது முக்கியம். வேலை ஏதாவது இணையப் பணித்தளம் வழியாக வந்தால், அங்கே காட்டும் Payment method verified என்ற குறியைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். பணம் செலுத்தும் வழி ஒன்றை இணைத்திருக்கிறார் என்பதுதான் அதன் அர்த்தம். இதுவரை எவ்வளவு செலவழித்திருக்கிறார், எத்தனை பேரை அமர்த்தியிருக்கிறார் என்பதையே பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் 60 பக்கத்தையும் செய்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் 10 பக்கத்துக்குத் தனியாக விலைப்பட்டியல் அனுப்புங்கள், அது கணக்கில் சேர்ந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். உண்மையான நிறுவனம் இதற்குப் பெரும்பாலும் தயங்காது. கேட்ட தொகையை விட அதிகமாகக் காசோலை அனுப்பி, மீதியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கணக்கில் தொகை தெரிந்த பிறகும் சில வாரம் கழித்துக் காசோலை திரும்பலாம். நீங்கள் அனுப்பிய மீதியோ உங்கள் சொந்தப் பணமாகப் போயிருக்கும்.