நடுக்காலத்தில் வாடகை கூட்டினால் எப்படிப் பதில் எழுதுவது? கேள்வி பதில்

வெள்ளவத்தையில் இரண்டு வருட ஒப்பந்தம். எட்டு மாதம்தான் ஆகிறது. மார்ச்சிலிருந்து 90,000க்குப் பதிலாக 115,000 தரச்சொல்லி வீட்டுக்காரர் வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். என்ன எழுதுவது?

எழுத முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை வாசியுங்கள். முதலாவது, வாடகைத் தொகை சொல்லும் பிரிவு. 'ஒப்பந்தக் காலம் முழுவதும்' என்ற கருத்து அதில் இருக்கிறதா? இரண்டாவது, 'இரண்டாம் வருடம் பத்து வீதம் கூடும்' என்பதுபோல ஏதாவது வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா? மூன்றாவது, முன்கூட்டியே முடிக்கும் பிரிவு. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. வீட்டுக்காரர் மூன்று மாத அறிவித்தல் கொடுத்து எப்போதும் முடிக்கலாம் என்று இருந்தால், வாடகையைக் கூட்ட முடியாதவர் உங்களை எழுப்ப முடியும். அப்படியென்றால் மறுப்பை எழுதினாலும் பேச்சுக்குக் கதவைத் திறந்து வையுங்கள்.

அந்தப் பிரிவு இல்லையென்றால் கடிதம் சின்னதாகப் போதும்:

"பெப்ரவரி 9ஆம் திகதி நீங்கள் அனுப்பிய தகவல் கிடைத்தது. நமது ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவின்படி 2025 ஜூலை 1 முதல் 2027 ஜூன் 30 வரை மாத வாடகை 90,000 ரூபா. இடையில் கூட்ட எந்தப் பிரிவும் இடமளிக்கவில்லை. ஆகவே 115,000 ரூபாவுக்கு நான் சம்மதிக்கவில்லை. வழமைபோல் 5ஆம் திகதிக்கு முன் 90,000 ரூபாவை உங்கள் வங்கிக் கணக்கில் இடுவேன். காலம் முடிந்தபின் புதிய வாடகை பற்றிப் பேசத் தயார்."

பிரிவின் வாசகத்தை உங்கள் சொல்லில் மாற்றாதீர்கள். ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே அப்படியே பிரதிபண்ணிச் சேருங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதே கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

மிக முக்கியமானது: "இந்த ஒரு மாதம் மட்டும்" என்று 115,000 கட்டிவிடாதீர்கள். பிறகு நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள் என்று காட்ட அதுவே அவருக்குப் போதும்.

ஐயா, பதிவு செய்யாத ஒப்பந்தம் வெறும் கடதாசி. அதைக் காட்டி என்ன வாதாடுவது?

பாதி சரி. அத்தாட்சியும் பதிவும் இரண்டு வேலை. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாவது அத்தாட்சி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு அது வேண்டும். அதன்பின் காணிப் பதிவகத்தில் பதிவது, வீடு வேறொருவருக்குக் கைமாறும்போது உங்களைக் காக்க. பதியாததால் மட்டும் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் இடையில் 3ஆம் பிரிவு செத்துவிடாது.

நொத்தாரிசே இல்லாமல் எழுதிய இரண்டு வருடக் கடதாசிதான் சிக்கல். குத்தகையாக அது நிற்காது. மாதாமாதம் வாடகை கொடுத்து இருப்பவராகத்தான் பெரும்பாலும் நீங்கள் பார்க்கப்படுவீர்கள். அப்போது அறிவித்தல் கொடுத்து முடிப்பது அவருக்கு எளிது.

நாங்கள் சமாதான நீதவான் முன் கையெழுத்து வைத்தோம், முத்திரையும் இருக்கிறது. அது போதாதா?

போதாது. கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை இதே தவறு நடக்கிறது. சமாதான நீதவான் நொத்தாரிசு அல்ல. முத்திரை எத்தனை இருந்தாலும் நொத்தாரிசின் அத்தாட்சிக்கு ஈடாகாது.

(பதிவு பற்றிக் கேட்டவர்) அப்படியானால் நொத்தாரிசு இல்லாத கடதாசி வைத்திருப்பவர் 3ஆம் பிரிவைச் சொல்வதே பொய்வாதம்தானே?

இல்லை. இரண்டு பேரும் பேசி ஒத்துக்கொண்ட தொகைக்கு அது எழுத்துச் சான்று. சம்மதமில்லாமல் ஒருபக்கமாக வாடகையை மாற்ற மாத வாடகையிலும் முடியாது. ஆனால் "2027 வரை இருப்பேன்" என்று அதை வைத்து மிரட்டாதீர்கள். எவ்வளவு தூரம் அது செல்லும் என்பதை அந்தக் கடதாசியைக் கையில் எடுத்துப் பார்க்கும் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும்.

நான் வீட்டுக்காரன். மின்சாரம், பராமரிப்பு எல்லாம் கூடிவிட்டது. நான் என்ன செய்வது?

பராமரிப்புக் கட்டணம் யார் கட்டுவது என்று ஒப்பந்தம் சொல்லும். அதை வாடகையோடு கலக்காதீர்கள். அடுத்த ஒப்பந்தத்தில் வருடாந்த உயர்வை எழுதிக்கொள்ளுங்கள்.

போனில் "முடியாது" என்று சொன்னால் போதாதா?

முதல் பதிலைப் பாருங்கள். எழுத்தில்.

வீட்டுக்காரர் 90,000ஐத் திருப்பி அனுப்பினால், முற்பணத்தில் கழிக்கச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். முற்பணம் அதற்கல்ல, வாடகை பாக்கி என்று அவர் எழுத நீங்களே இடம் கொடுத்ததாகும். திரும்பிய தொகையைத் தனிக் கணக்கில் தொடாமல் வைத்து, ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்கு முன் மறுபடியும் அனுப்புங்கள். அனுப்பியதும் திரும்பியதும் காட்டும் வங்கிக் கூற்றை அச்செடுத்து வையுங்கள்.

எனக்கும் வெள்ளவத்தைதான், ஒரு வருட ஒப்பந்தம், 20,000 கூட்டச் சொல்கிறார். பதில் எப்படி?

மேலே உள்ள கடிதம். திகதியையும் தொகையையும் மாற்றுங்கள், முடிக்கும் பிரிவை முதலில் வாசியுங்கள்.