தொடர் கூட்டத்துக்குத் தலைப்பு வைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் குழுவில் 14 பேர். எல்லோர் காலண்டரிலும் 'வாராந்திரக் கூட்டம்', 'சிங்க்', 'ரிவ்யூ' என்றே தொடர் அழைப்புகள் நிறைந்து கிடக்கின்றன. மூன்று மாதம் முன்பு சம்பள மென்பொருளைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசினோம் என்று தேடினால் கிடைப்பதில்லை. தலைப்பை எந்த முறையில் வைக்கலாம்? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களின் பெயரை மாற்றினால் ஏதாவது குழம்புமா?

பதில்: எதைப் பற்றிய கூட்டம் என்பது முதலில் வர வேண்டும். அங்கே என்ன வேலை நடக்கிறது என்பது அடுத்து. ஒரே பொருளில் இரண்டு தொடர்கள் இருந்தால் மட்டும் மூன்றாவதாக ஒரு அடையாளம். தலைப்பு இப்படி அமையும்:

```
சம்பளம் - பிழை ஆய்வு
சம்பளம் - நிலவரம் - வாரம்
சம்பளம் - நிலவரம் - மாதம்
```

வரிசையை மாற்றிப் போட்டால் பயன் பாதியாகிவிடும். காலண்டரை மாதக் காட்சியில் திறந்து பாருங்கள். திரையின் அகலத்தை ஏழு நாள்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தக் கட்டத்திலும் நேரம் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சுவது இரண்டு மூன்று சொற்களுக்கான இடம்தான். தமிழ் எழுத்து அகலமானது என்பதால் அதுவும் குறையும். கைபேசியில் பல நேரம் ஒரு சொல்தான் தெரியும். 'வாராந்திரக் கூட்டம் - சம்பளம்' என்று எழுதினால், கண்ணில் படுவது 'வாராந்திர' மட்டும். வாராவாரம் நடப்பது என்பதைக் காலண்டரே காட்டிவிடுகிறது, கூட்டம் என்பது அழைப்பிலேயே இருக்கிறது. ஆக, முதல் இரண்டு சொற்களும் வீண். தலைப்பை எழுதியதும் முதல் இரண்டு சொற்களை விட்டு மீதியைக் கையால் மறைத்துப் பாருங்கள். எந்தக் கூட்டம் என்று அப்போதும் தெரிந்தால் தலைப்பு சரி.

இரண்டாவது பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'சம்பளம்' என்று மட்டும் இருந்தால், வர முடியாத ஒருவருக்குத் தன் இன்மை எதைப் பாதிக்கும் என்று தெரியாது. 'நிலவரம்' என்றிருந்தால் குறிப்பைப் பிறகு படித்துக்கொள்ளலாம். 'முடிவு' என்றிருந்தால் அவர் இல்லாமல் ஏதோ ஒன்று நிற்கும். இதற்கான சொற்களைக் குழு முதலிலேயே நிர்ணயித்துக்கொள்வது நல்லது. நிலவரம், முடிவு, திட்டமிடல், பிழை ஆய்வு, பயிற்சி ஆகிய ஐந்தும் பெரும்பாலான குழுக்களுக்குப் போதும். 'சிங்க்', 'கேட்ச் அப்' போன்றவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும் பெயரால் எந்தக் கூட்டத்தையும் அடையாளம் காண முடியாது.

அடுத்தது தேடல். தமிழில் தலைப்பு வைப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நம் சொற்கள் அடுத்த சொல்லோடு சேரும்போது உருமாறுகின்றன. 'சம்பளம்' என்பது 'சம்பள ஆய்வு' என்று எழுதும்போது மகரத்தை இழக்கிறது. 'திட்டம்' என்பது 'திட்டத்தின் நிலவரம்' ஆகிறது. நமக்கு அது ஒரே சொல், தேடும் மென்பொருளுக்கு வேறு வேறு சொற்கள். சில மென்பொருள்கள் சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடும், அவற்றில் 'சம்பள' என்று அடித்தால் இரண்டு வடிவமும் கிடைத்துவிடும். முழுச் சொல்லைப் பொருத்திப் பார்க்கும் மென்பொருளில் 'சம்பளம்' என்று தேடினால் 'சம்பள ஆய்வு' கிடைக்காது. மேலே உள்ள தலைப்புகளில் நடுவே சிறு கோடு இருப்பது இதற்காகத்தான். கோடு போட்டால் சொற்களைப் புணர்த்த வேண்டியதில்லை, பெயர்ச்சொல் அதன் மூல வடிவிலேயே நிற்கும். கோட்டின் இரு பக்கமும் ஒரு இடைவெளி விடுங்கள். ஒட்டி எழுதினால் இரண்டு சொற்களையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு.

பிறமொழிச் சொற்களில் சிக்கல் வேறு மாதிரி. ஒருவர் 'ரிவ்யூ', இன்னொருவர் 'ரெவியூ', மூன்றாமவர் ஆங்கில எழுத்தில். ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரே எழுத்துமுறை என்று முடிவு செய்து, அந்தப் பட்டியலைக் குழுவினர் எல்லோரும் பார்க்கும் ஓரிடத்தில் வையுங்கள். தமிழா ஆங்கிலமா என்பது உங்கள் விருப்பம். இரண்டும் கலந்தால்தான் தேடல் தோற்கும். வண்ணப் படக்குறிகளையும் சதுர அடைப்புகளையும் நம்ப வேண்டாம், பார்வைக்கு உதவினாலும் தேடலில் அவை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. மூன்றெழுத்துச் சுருக்கக் குறியீடு இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் அதை எப்படித் தேடுவார்? முழுச் சொல்லே மேல்.

தலைப்பில் வைக்கக் கூடாதவை சில. கிழமையும் மணியும் வேண்டாம். 'திங்கள் நிலவரம்' ஒருநாள் செவ்வாய்க்கு நகர்ந்தால் தலைப்பு பொய் சொல்லத் தொடங்கிவிடும். சுற்று எண், தேதி, அன்றைய நிகழ்ச்சிநிரல் எல்லாம் விவரப் பகுதிக்குப் போகட்டும். தனிச் சந்திப்புகளில் இன்னொரு தவறு நடக்கிறது. மேலாளர் 'கவிதாவுடன் சந்திப்பு' என்று அனுப்புவார். அதே தலைப்பு கவிதாவின் காலண்டரிலும் வரும், அவர் தன்னையே சந்திக்கப் போவது போல. தலைப்பு எல்லோருக்கும் பொது, யார் பக்கத்திலிருந்தும் எழுதக் கூடாது. 'குமார் / கவிதா - சந்திப்பு' என்று இரு பெயரையும் போட்டால் இருவருக்கும் புரியும்.

இனி, ஓடும் தொடர்களை மாற்றுவது. மாற்றலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். காலண்டர் மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம் ஐகேலண்டர், 2009-இல் வந்த `RFC 5545` என்ற தரநிலை அதை வரையறுக்கிறது. அதன்படி ஒரு தொடர் என்பது ஒரே பதிவு. தலைப்பு `SUMMARY` என்ற இடத்தில் ஒருமுறை எழுதப்படும், எப்போதெல்லாம் நடக்கும் என்பது `RRULE` என்ற விதியாக இருக்கும்:

```
SUMMARY:சம்பளம் - நிலவரம்
RRULE:FREQ=WEEKLY;BYDAY=MO
```

ஒரு வாரத்துக் கூட்டத்தை மட்டும் நீங்கள் திருத்தினால், அந்த வாரத்துக்குத் தனிப்பதிவு ஒன்று உருவாகிறது. அதற்கென்று ஒரு தலைப்பும் இருக்கும். வாராவாரம் தலைப்பில் சுற்று எண்ணை மாற்றிவந்த தொடரில் இப்படிப் பல விதிவிலக்குகள் சேர்ந்திருக்கும். பிறகு தொடரின் பெயரை மாற்றினாலும் அவை பழைய தலைப்போடே நிற்கக்கூடும். பெயர் மாற்றியதும் முன்பின் சில வாரங்களைப் புரட்டிப் பார்த்து, தப்பியவற்றைத் தனித்தனியே திருத்துங்கள்.

கூகுள் காலண்டரில் திருத்தத்தைச் சேமிக்கும்போது எதுவரை மாற்ற வேண்டும் என்று கேட்கும். `All events` என்றால் பழைய கூட்டங்களுக்கும் புதுப் பெயர் வரும். `This and following events` என்றால் தொடர் அந்த இடத்தில் இரண்டாக உடையும், முந்தையவை பழைய பெயரோடு இருக்கும். உங்கள் 'சிங்க்' தொடக்கத்திலிருந்தே சம்பள மென்பொருளைப் பற்றியதுதான் என்றால் `All events` எடுங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய கூட்டமும் அப்போது தேடலில் அகப்படும். நடுவில் கூட்டத்தின் நோக்கமே மாறியிருந்தால் மட்டும் தொடரை உடையுங்கள். இல்லாவிட்டால் பழைய கூட்டங்கள் தாங்கள் செய்யாத வேலையின் பெயரைச் சுமக்கும். பழைய அவுட்லுக்கில் தொடரைத் திறக்கும்போதே `The entire series` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயரை மாற்றும்போது நேரத்தைத் தொடாதீர்கள். அவுட்லுக்கில் தொடரின் நேரத்தை மாற்றினால், தனியாகத் திருத்தி வைத்த வாரங்களின் மாற்றங்கள் அழிந்துபோகும், மீண்டும் எல்லோரும் வருகையை உறுதிசெய்ய வேண்டியிருக்கும். கூகுளில் மின்னஞ்சல் அனுப்பவா என்று கேட்டால் `Don't send` கொடுக்கலாம், கூகுள் காலண்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தலைப்பு எப்படியும் மாறிவிடும். விவரப் பகுதியின் முதல் வரியில் 'முன்பெயர்: சிங்க்' என்று எழுதுங்கள். பழைய பெயர் நினைவில் உள்ளவர் தேடினாலும் கூட்டம் கிடைக்கும்.

இதை அழைப்பை உருவாக்கியவர்தான் செய்ய வேண்டும். பழைய அவுட்லுக்கில் அழைக்கப்பட்டவர் தன் பிரதியில் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உருவாக்கியவர் அடுத்த முறை எதையாவது திருத்தி அனுப்பினால் அது அழிந்துவிடும். எனவே முதல் நாள் வேலை, தொடர்களையும் அவற்றை உருவாக்கியவர்களையும் பட்டியலிடுவது. உருவாக்கியவர் நிறுவனத்தை விட்டுப் போயிருந்தால், அவுட்லுக்கில் அந்தத் தொடரைச் சாதாரணப் பயனர் இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. புதிய தொடர் தொடங்க வேண்டும். அப்போது பழைய பொருட்சொல்லையே முதலில் வைத்தால் இரண்டு தொடரும் ஒரே தேடலில் வரும்.

இந்த ஏற்பாடு எட்டாத ஓர் இடம் கூட்ட அறை. அவுட்லுக்கின் பின்னால் இயங்கும் எக்ஸ்சேஞ்ச் சேவையில் அறைக்கான காலண்டர், தானாக வரும் அமைப்பின்படி, தலைப்பை நீக்கிவிட்டு அழைத்தவர் பெயரைக் காட்டும். கதவருகே உள்ள திரையில் உங்கள் தலைப்பு வரவில்லையென்றால் காரணம் இதுதான். நிர்வாகி `Set-CalendarProcessing` கட்டளையில் `DeleteSubject`, `AddOrganizerToSubject` இரண்டையும் `$false` ஆக்கினால் தலைப்பு தெரியும். அதைச் செய்யும் முன் ஒன்றை யோசியுங்கள். பணிநீக்கம், ஒருவரின் ஊதிய உயர்வு போன்றவற்றைப் பேசும் கூட்டத்தின் தலைப்பும் அந்தத் திரையில் வரும். பகிர்ந்த காலண்டரிலும் பூட்டிய கைபேசித் திரையிலும் இப்போதே வந்துகொண்டிருக்கக்கூடும். அத்தகைய தொடர்களுக்கு 'பணியாளர் - முடிவு' என்ற அளவில் நிறுத்தி, அழைப்பைத் தனிப்பட்டது என்று குறித்துவிடுங்கள்.