27 + 38 = 515 என்று எழுதும் குழந்தைக்கு

"எட்டு வயது மகள் 27 + 38 = 515 என்கிறாள். இனமாற்றக் கூட்டல் எப்படிச் சொல்லித் தருவது?"

7 + 8 = 15 என்று சரியாகத்தான் கூட்டியிருக்கிறாள், அந்த 15-க்குள் ஒரு பத்து இருப்பதுதான் அவள் கண்ணில் படவில்லை, அதனால் கொஞ்ச நாள் மேலும் கீழுமாக எழுதவே வேண்டாம், வரையச் சொல்லுங்கள். பத்துக்கு நீளக் கட்டம், ஒன்றுக்குச் சின்னக் கட்டம். 27-க்கு 2 நீளம், 7 சின்னது. கீழே 38-க்கு 3 நீளம், 8 சின்னது. சின்னதில் பத்தை எண்ணி வட்டம் போட்டு, அடித்துவிட்டு, பத்துகள் பக்கம் புதிதாக ஒரு நீளக் கட்டம் வரையட்டும். சிலர் அடிக்க மறப்பார்கள், விடை 75 வந்தால் அதுதான் காரணம். இப்போது 6 நீளம், 5 சின்னது, 65.

அப்புறம் படத்துக்குப் பக்கத்திலேயே கணக்கை எழுதி, மேலே போடும் 1-ஐக் காட்டி "இது படத்தில் எங்கே?" என்று கேளுங்கள். புதிய நீளக் கட்டத்தைத் தொட்டால் படத்தை விட்டுவிடலாம்.