மதுரை வெயிலில் சாலிட் பெர்ஃப்யூம்: மெழுகு எவ்வளவு, வாசனை எவ்வளவு?

ஒரு கரண்டி தேன்மெழுகுக்கு நான்கு கரண்டி தேங்காய் எண்ணெய் என்ற கணக்கில் தை மாதம் செய்தேன். நன்றாக இறுகியது. சித்திரைத் திருவிழாவுக்குப் பையில் வைத்துக்கொண்டு போனால், டப்பா திறந்து பை முழுக்க எண்ணெய். மெழுகு கலப்படமா? – திருமங்கலம் வாசகி

மெழுகைக் குறை சொல்வதற்கு முன் கரண்டியைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 13, 14 கிராம் இருக்கும். சீவிய மெழுகை அதே கரண்டியில் அள்ளினால் இடையிடையே காற்றுதான் அதிகம். 7 கிராம் தேறினால் பெரிது. அப்படியானால் நீங்கள் போட்டது 54 கிராம் எண்ணெய்க்கு 7 கிராம் மெழுகு. மொத்த எடையில் மெழுகு 11 சதவீதம்தான்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். அது 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் அது கட்டியாக இருந்து மெழுகுக்குத் துணை நிற்கும். அந்த அளவையே இங்கே எடுத்தால், தை மாத விடியலில் வேண்டுமானால் பலிக்கும். நம் ஊரில் மற்ற நாளெல்லாம் அது தண்ணீர் போலத்தானே கிடக்கிறது? தாங்கும் வேலை முழுவதும் மெழுகின் தலையில் விழுகிறது. தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். ஆனால் எண்ணெய் கலந்த பிறகு அதற்கு வெகு கீழேயே இளக ஆரம்பித்துவிடும்.

கோடைக்கு மொத்த எடையில் 30 சதவீதம் மெழுகு வையுங்கள். ஐப்பசி முதல் தை வரை 22 முதல் 25 போதும். அதற்கு மேல் போனால் விரலில் ஒட்டாமல் மெழுகுவத்தி மாதிரி வழுக்கும்.

உங்கள் டப்பாவைக் காப்பாற்றலாம். 54 கிராம் எண்ணெய்க்கு 23 கிராம் மெழுகு இருந்தால் 30 சதவீதம் வரும். ஏற்கெனவே 7 இருப்பதால், இன்னும் 16 கிராம் சேர்த்து மறுபடி உருக்குங்கள். மொத்த எடை கூடுவதால் வாசனை ஐந்தில் ஒரு பங்கு குறையும். சூட்டில் கொஞ்சம் பறந்தும் போகும். டப்பாவில் ஊற்றி ஒரு நாள் கழித்து, மூடியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி 45 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேற்பரப்பு மினுமினுத்தால் பரவாயில்லை. டப்பாவைச் சாய்க்கும்போது கலவையும் சரிந்தால் மெழுகு இன்னும் வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் மட்டும் எந்தக் கலவையும் நிற்காது.

30 கிராம் டப்பாவுக்கு எத்தனை சொட்டு எசென்ஷியல் ஆயில் விடலாம்? ஒரு வீடியோவில் 60 சொட்டு என்றார்கள். – எல்லீஸ் நகர் வாசகர்

சொட்டுக் கணக்கை முதலில் விடுங்கள். 20 சொட்டு ஒரு மில்லி என்பார்கள். அது பாட்டில் மூடியின் துளையைப் பொறுத்தது. வெட்டிவேர் எண்ணெய் பாகு போல நின்று நின்று விழும், எலுமிச்சை சரசரவென்று கொட்டும். சராசரியாக எடுத்தாலும் 60 சொட்டு 2.7 கிராம் அளவுக்கு வரும். 30 கிராமில் அது 9 சதவீதம். அது முழுவதும் லெமன்கிராஸ் என்று வையுங்கள். தோலில் பூசும் பொருளில் அதற்கு வழக்கமாகப் பின்பற்றும் உச்சவரம்பு 0.7 சதவீதம். பன்னிரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

அதனால் கணக்கு இரண்டு. எல்லா வாசனையும் சேர்ந்து மொத்தத்தில் 5 சதவீதம் தாண்டக் கூடாது. அதற்குள் ஒவ்வோர் எண்ணெயும் தன் தனி வரம்பைத் தாண்டக் கூடாது. முதல் கணக்கைப் பார்ப்பவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். தோல் புண்ணாவது பெரும்பாலும் அங்கேதான்.

30 கிராமுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தேன்மெழுகு 9 கிராம், ஜொஜோபா எண்ணெய் 19.5 கிராம், வாசனை 1.5 கிராம். அந்த 1.5 கிராமைப் பிரித்தால் வெட்டிவேர் 0.6, சந்தனம் 0.45, மல்லிகைப் பூவின் செறிந்த மணச்சாறான அப்சல்யூட் 0.3, லெமன்கிராஸ் 0.15. சதவீதத்தில் முறையே 2, 1.5, 1, 0.5. சந்தனத்துக்கு வரம்பு 2, லெமன்கிராஸுக்கு 0.7. இரண்டும் உள்ளே அடங்குகின்றன. ஜொஜோபாவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது உண்மையில் திரவ மெழுகு என்பதால் எளிதில் காறாது. பாதாம் எண்ணெயில் செய்தால் விலை குறையும், ஆனால் சில மாதங்களில் பழைய எண்ணெய் வாடை வாசனைக்கு மேலே வந்துவிடும். நல்லெண்ணெய் அருமையான எண்ணெய்தான், ஆனால் அதன் மணமே எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

0.15 கிராமைச் சமையலறைத் தராசு காட்டாது. நகை நிறுக்கப் பயன்படும் 0.01 கிராம் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். 0.1 கிராம் மட்டும் காட்டும் தராசுதான் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. 1 கிராம் லெமன்கிராஸை 9 கிராம் ஜொஜோபாவில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1.5 கிராம் எடுத்தால் 0.15 கிராம் லெமன்கிராஸ் வந்துவிடும். கூடவே வரும் 1.35 கிராம் ஜொஜோபாவை மொத்த எண்ணெயில் கழித்துவிட்டு 18.15 கிராம் போடுங்கள். மல்லிகையையும் இப்படியே செய்யலாம்.

உருக்கும் முறை சுருக்கமாக: வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கண்ணாடிக் குவளையை வைத்து மெழுகையும் எண்ணெயையும் சேர்த்தே உருக்குங்கள். மெழுகை மட்டும் தனியாக உருக்கி அதில் குளிர்ந்த எண்ணெயை விட்டால் திரிதிரியாகக் கட்டும். எல்லாம் கரைந்ததும் வெளியே எடுத்து 65 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், குவளையின் ஓரத்தில் பால் ஏடு போல மெல்லிய வளையம் தெரியத் தொடங்கும் கணம்தான் அடையாளம். வாசனையை விட்டு, அரை நிமிடம் கலக்கி, உடனே ஊற்றுங்கள். அதற்கு முன் ஊற்றினால் லெமன்கிராஸ் உங்கள் சமையலறையில்தான் மணக்கும். ரொம்பத் தாமதித்தால் டப்பாவில் அடுக்கடுக்காக இறுகும்.

5 சதவீதம் மெலிதாக இருக்கிறது என்று 10, 15 வரை போகிறவர்கள் உண்டு. எசென்ஷியல் ஆயில் மெழுகைக் கரைக்கும். வாசனை கூடக் கூடக் கட்டி இளகும், முதல் கேள்வியின் பிரச்சினை மறுபடி வந்து நிற்கும்.

மாட்டுத்தாவணியில் மல்லி மலிவாகக் கிடைக்கும் நாளில் கிலோ கணக்கில் வாங்கி, தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, அதில் செய்யலாமா? – மேலூர் வாசகி

காய்ச்ச வேண்டாம். மல்லிகை மணம் சூட்டில் தங்காது. வெந்த பூவின் வாடைதான் மிஞ்சும். மல்லிகையை நீராவியில் வடித்து எடுப்பதும் சரிப்படாது. அதனால்தான் பூவைக் கரைப்பானில் ஊறவைத்து, பிறகு ஆல்கஹாலில் பிரித்து அப்சல்யூட் எடுக்கிறார்கள். '100% மல்லிகை எசென்ஷியல் ஆயில்' என்று நூறு ரூபாய்க்கு விற்பது செயற்கை மணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நடக்கக்கூடியது ஒன்று உண்டு. மல்லி மொட்டு பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. சாயங்காலம் விரிந்து இரவு முழுக்க மணத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மணத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். வட இந்தியாவில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி, கடைசியில் அந்த எள்ளை ஆட்டி வாசனை எண்ணெய் எடுத்தது இந்த நியாயத்தில்தான். நீங்கள் செய்வதென்றால் ஈரம் தெளிக்காத மொட்டாக வாங்குங்கள். காம்பைக் கிள்ளி, துணியில் பரப்பி, விரிந்ததும் மணமில்லாத எண்ணெயில் போட்டு மூடுங்கள். மறுநாள் காலை பூ பழுப்பாவதற்குள் வடித்துவிட்டு, மாலையில் புதுப் பூ. பத்துப் பதினைந்து முறை மாற்றினால்தான் மணம் என்று சொல்லும்படி இருக்கும். கடைசியில் எண்ணெயை ஒரு நாள் அசையாமல் வைத்தால் பூவிலிருந்து வந்த நீர் அடியில் தங்கும். மேல் எண்ணெயை மட்டும் எடுங்கள். அந்த நீர் உள்ளே போனால் இரண்டே வாரத்தில் புளித்த வாடையோ பூஞ்சையோ வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் இது மெல்லிய மணம்தான். இதை அடி எண்ணெயாக வைத்து மேலே ஒரு சதவீதம் அப்சல்யூட் சேர்ப்பது நல்லது. வாங்கும்போது எந்த மல்லிகை என்று கேளுங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி சம்பாக் வகை, அந்த ஒரு சதவீதக் கணக்கு அதற்குத்தான். பிச்சிப்பூ இனமான கிராண்டிஃப்ளோரம் அப்சல்யூட் என்றால் 0.7 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும்.

கடையில் வாங்கிய அத்தரைக் கலந்தேன். இறுகிய பிறகு மேலே வியர்வை போலத் துளித்துளியாக நிற்கிறது. – ஒத்தக்கடை வாசகர்

அந்த அத்தர் எண்ணெயில் கரையாத நீர்ப்பொருளால் நீர்க்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் டிபிஜி எனப்படும் கிளைக்கால் வகை. சூட்டில் கலந்தது போலக் காட்டும், ஆறியதும் மெழுகு அதை வெளியே தள்ளிவிடும். எவ்வளவு கலக்கினாலும் சரியாகாது. வாங்கும் முன் கண்ணாடிக் குப்பியில் 9 பங்கு ஜொஜோபாவுக்கு ஒரு பங்கு அத்தர் விட்டுக் குலுக்கி, ஒரு இரவு வையுங்கள். காலையில் கலங்கலாகவோ அடியில் பிரிந்தோ நின்றால் மெழுகுக்கு ஆகாது. ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரே சென்ட்டும் பன்னீரும் இதே கதைதான்.

மெழுகுவத்திக்கு விற்கும் வாசனை எண்ணெயைத் தோலுக்கு எடுக்க வேண்டாம். விற்பவரிடம் பன்னாட்டு வாசனைப் பொருள் சங்கமான இஃப்ராவின் விதிப்படியான சான்றிதழ் கேளுங்கள். அதில் 4-ஆம் பிரிவு என்று இருப்பதுதான் பெர்ஃப்யூமுக்கான வரம்பு. சான்றிதழ் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

கிராம்பு, பட்டை, எலுமிச்சை சேர்க்கலாமா? – உசிலம்பட்டி வாசகி

கிராம்பு எண்ணெய் 0.5 சதவீதம் வரை. 30 கிராமுக்கு 0.15 கிராம், மூன்று சொட்டு. பட்டை எண்ணெய்க்கு வரம்பு 0.07 சதவீதம். 30 கிராமுக்கு அரைச் சொட்டுகூட வராது, அதனால் விட்டுவிடுங்கள். சாம்பாரில் போடுகிறோமே என்ற நியாயம் இங்கே செல்லாது, பட்டையைவிட அதன் எண்ணெய் பல மடங்கு செறிவானது.

எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெய் வெயிலோடு சேர்ந்தால் தோலைக் கறுப்பாக்கும், சிலருக்குக் கொப்புளமும் வரும். கழுத்தில் பூசிக்கொண்டு மதியம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு அது வேண்டாம். நீராவியில் வடித்த சிறு எலுமிச்சை எண்ணெய் என்று கேட்டு வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

எதைச் சேர்த்தாலும் முழங்கை உட்புறத்தில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதால் நிம்மதி அடையாதீர்கள். வரம்பு மீறிய கலவையைத் தினமும் பூசினால் சில மாதம் கழித்துத்தான் ஒவ்வாமை கிளம்பும். ஒருமுறை வந்துவிட்டால் அந்த எண்ணெய் உங்களுக்கு ஆயுளுக்கும் ஆகாது.

இரண்டு மாதமான டப்பாவில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. பூஞ்சையா? – பழங்காநத்தம் வாசகர்

துணியால் துடையுங்கள். வழவழவென்று போய்விட்டால் அது தேன்மெழுகு தானே மேலே விடும் படலம், பயம் இல்லை. பஞ்சு போலப் புடைத்து, பச்சையோ கறுப்போ தெரிந்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது, தூக்கிப் போடுங்கள்.